தை மாதத்தில் தகரத்தைத் தட்டுபவர்

மழை என்ற ஒரு சொல்லைக் கொடுத்துக் கவிதை எழுதச் சொல்வது நம்மிடையே பழகிப்போன வழக்கம். பள்ளிகளின் தமிழ்மொழித் தினப் போட்டியில் கவிதை ஆக்கத்துக்கு அது வரும்; கவியரங்கத்திலும் வரும்; மாரி தொடங்கியதும் பத்திரிகைக்காரர்கள் கேட்பதும் அதுதான். அப்படி எழுதப்பட்ட கவிதைகளை வாசித்து முடிக்கும்போதெல்லாம் ஒரு குறை எனக்குள் தங்கிவிடுகிறது. சொற்கள் வேறு வேறாக இருக்கும், உவமைகளும் வேறாக இருக்கும். ஆனால் மனநிலை இரண்டேதான். ஒன்றில் மழை வானத்தின் கருணை. மற்றதில் மழை வானத்தின் கண்ணீர். எழுதியவர் கொழும்பில் இருந்தாலும் ரொறன்ரோவில் இருந்தாலும் உயிலங்குளத்தில் இருந்தாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கிறார். உயிலங்குளத்தில் இருப்பவர் அப்படி எழுதுவதுதான் என்னை உறுத்துகிறது. மன்னாரிலிருந்து மதவாச்சி நோக்கிப் போகிற தெருவில், கட்டுக்கரைக் குளத்தின் தண்ணீரை நம்பி நெல் விதைக்கிற ஒரு பகுதியில், ஒரே மனிதருக்கு ஒரே போகத்துக்குள் மழை இரண்டு எதிரான பொருள்களாக வருகிறது. அங்கே இருந்துகொண்டு ‘மழை’ என்று பொதுவாகச் சொல்ல எப்படி முடிகிறது?

அங்குள்ள வயற்காரர் ஒருவரிடம் மழையைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “எந்த மழை தம்பி? ஐப்பசி மழையோ, தை மழையோ?” என்றார். எங்கள் கவிதைகளில் நான் தேடிக்கொண்டிருந்த கேள்வி அதுதான். மன்னாரில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மில்லிமீற்றர் மழை பெய்கிறது, அதில் பெரும்பங்கு வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடுகிறது. காலபோகம் என்கிற பெரும்போகம் அந்த மழையை நம்பித்தான் நடக்கிறது. மழைக்கு முன்னரே உழுது, காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பாக நெல்லைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. அப்போது மழை ஒரு கிழமை பிந்தினால் விதை எறும்புக்கும் குருவிக்கும் போகும். அதே மழை தையிலும் மாசியிலும் வந்தால் கதை வேறு. முற்றிய பயிர் படுத்துவிடும். படுத்த கதிர் ஈரத்தில் கிடந்தால் தாளிலேயே முளைவிடும். சேற்றுக்குள் வெட்டுமெசின் இறங்காது. வெட்டி எடுத்த நெல்லையும் உலர்த்த இடமிராது. நெல் சந்தைப்படுத்தும் சபை பதினான்கு வீதம் ஈரப்பதன் என்று ஒரு அளவு வைத்திருக்கிறது, அதற்கு மேல் ஈரமான நெல்லைக் கொண்டுபோனவருக்கு முழு விலை கிடைக்காது. ஆகவே தெருவோரத்தில் நெல்லைப் பரப்பி வைத்துக்கொண்டு மாலையில் வானம் கறுக்கிறதா என்று பார்ப்பவருக்கு மழை கருணையும் இல்லை, கண்ணீரும் இல்லை. அதற்கு இன்னும் பெயர் வைக்கப்படவில்லை.

பெயர் வைக்கப்படவில்லை என்று சொல்லும்போதே நம் மரபை நினைக்க வேண்டியிருக்கிறது. உணர்வுக்கும் பொழுதுக்கும் நிலத்துக்கும் இவ்வளவு இறுக்கமான முடிச்சுப் போட்ட கவிதை மரபு வேறு அதிகம் இல்லை. தொல்காப்பியம் காரையும் மாலையையும் முல்லைக்குக் கொடுத்தது. கார்காலம் தொடங்கியதும் தலைவன் திரும்ப வேண்டும். அவன் வரும்வரை அவள் ஆற்றியிருக்க வேண்டும். மழை என்றால் காத்திருப்பு என்பது அங்கிருந்துதான் நமக்கு வந்தது, சினிமாப் பாட்டு வரைக்கும் வந்து நிற்கிறது. ஆனால் உயிலங்குளம் முல்லை அல்ல. அது வயல், குளம், வாய்க்கால், இலக்கணப்படி மருதம். மருதத்துக்குத் தொல்காப்பியம் சிறுபொழுதாக வைகறையையும் விடியலையும் சொல்கிறது, பெரும்பொழுது என்று ஒன்றைக் குறிக்கவில்லை. பின்வந்தவர்கள் ஆறு பருவமும் அதற்கு உரியவை என்றார்கள். இதை நான் ஒரு பெரிய அனுமதியாக எடுத்துக்கொள்கிறேன். முல்லைக்காரனுக்கு மழையின் மனநிலையை மரபு முடிவு செய்து கொடுத்துவிட்டது. மருதத்தில் இருப்பவன் தானே முடிவு செய்ய வேண்டும். அவனிடம் மழை எல்லா மாதத்திலும் வரலாம், எந்த முகத்தோடும் வரலாம்.

மருதத்தின் உரிப்பொருள் ஊடல். இந்த இடத்தில்தான் எனக்கு ஏதோ பிடிபட்டது. வரவேண்டிய நேரத்தில் வராமல், வேறெங்கோ தங்கிவிட்டு, வேண்டாத நேரத்தில் வாசலில் வந்து நிற்பவன் மீது கொள்கிற கோபம் ஊடல். அந்தக் கோபத்தில் வெறுப்பு இல்லை. அவன் இல்லாமல் அவளுக்கு வாழ்வில்லை. அதனால்தான் கதவை அடைக்கிறாள். உயிலங்குளத்து வயற்காரர் மழை மீது கொண்டிருப்பது வேறென்ன? ஐப்பசியில் கூப்பிட்டபோது வரவில்லை. தையில் அழையாமல் வந்து நிற்கிறது. இனி வராதே என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் அடுத்த ஐப்பசியில் அதைத்தான் கூப்பிட வேண்டும். வேறிடத்தில் தங்குவது என்பதும் இங்கே வெறும் கற்பனை இல்லை. கட்டுக்கரைக் குளத்தை நிரப்புவதில் உள்ளூர் மழைக்குப் பங்கு உண்டு. ஆனால் தேக்கம் அணைக்கட்டில் மறித்துத் திருப்பப்படுகிற அருவி ஆற்றின் தண்ணீருக்குப் பெரும் பங்கு. அந்த ஆறு தெற்கே அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயா என்ற பெயரில் நூற்றறுபது கிலோமீற்றருக்கு மேல் ஓடி வருகிறது. உயிலங்குளத்து வானம் காய்ந்து கிடக்கும் நாளில் வாய்க்காலில் ஓடுவது, பேர் தெரியாத சிங்களக் கிராமங்களின் கூரைகளில் பெய்த மழை. மழை வேறு ஊரில் நின்று வந்தது என்பது இங்கே குற்றச்சாட்டாகவும் இருக்கலாம், நன்றியாகவும் இருக்கலாம். ஊடலுக்குள் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. கருணை, கண்ணீர் என்ற இரண்டு பெட்டிகளுக்குள் அந்த இடம் கிடையாது.

மனநிலை கிடைத்தவுடன் கவிதை வந்துவிடும் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அடுத்து வடிவம் வருகிறது, அது மனநிலையைப் பிடித்து வேறு பக்கம் இழுக்கிறது. முதலில் வெண்பாவை எடுத்துப் பார்த்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. மழை என்பது குறிலிணையாக ஒலிக்கிற ஒரே நிரையசை, வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடுகளில் ‘மலர்’ என்பதற்கு அது அப்படியே பொருந்தும். அதற்கு முன்னே ஒரு மாச்சீரை வைத்துவிட்டால் மா முன் நிரையாகத் தளையும் அமைந்துவிடும். அதாவது மழை என்ற சொல் வெண்பாவை முடிக்கவென்றே வார்த்ததுபோல இருக்கிறது. நான் எழுதிய குறள் வெண்பா இது:

விதைத்தநாள் வாராமல் வெட்டியநாள் வந்தால்
கதிரே முளைக்கும் மழை.

தளை தட்டவில்லை. முதலடியில் வகரம் நாலு சீரிலும் மோனையாக நிற்கிறது, இரண்டடிக்கும் வருக்க எதுகை இருக்கிறது. கதிரே முளைக்கும் என்பதில் ஒரு வயற்காரரின் முழு இழப்பும் அடங்குகிறது: விளைந்து முடிந்த நெல் சந்தைக்குப் போகாமல் திரும்பவும் விதையாகிவிடுகிறது. முளைப்பது என்ற நல்ல சொல் இங்கே கெட்ட செய்தியாக வருவதும் எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் இதை வைத்துக்கொண்டு என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. வெண்பாவின் செப்பலோசை ஒரு செய்தியைச் சொல்லி முடிக்கிற ஓசை. ஈற்றுச்சீர் விழுந்தவுடன் வழக்கு முடிந்து தீர்ப்பு வந்துவிடுகிறது. ஊடல் முடிந்துபோன காரியம் அல்ல. அது நடந்துகொண்டிருக்கிறது, கதவின் இரு பக்கமும் இரண்டு பேர் நிற்கிறார்கள். மேலும், இந்த வெண்பா யாருக்குச் சொல்லப்படுகிறது? தை மழையில் கதிர் முளைக்கும் என்பது வயற்காரருக்குத் தெரியும். அவருக்கு அதைச் சொல்ல நான் யார்? இது வயலைக் காணாதவருக்கு வயலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிற பாட்டு. வாசகர் யார் என்று நான் நினைக்கும் முன்பே வெண்பா என்னைக் கேளாமல் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

வேறு வடிவங்களும் அப்படித்தான் தங்கள் கேட்பவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வருகின்றன. மகாகவி 1966இல் நூலாக்கித் தந்த குறும்பாவில் ஐந்து அடிகளுக்குள் ஒரு கதையும் அதன் முறுக்கும் முடிந்துவிடும். கேட்பவர் சிரிக்கக் காத்திருக்கும் கூட்டம். நெல் நனையும்போது அந்தக் கூட்டத்தை அழைக்க எனக்கு மனம் வரவில்லை. திருக்குறளின் வான்சிறப்பையும் சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் திங்களுக்கும் ஞாயிறுக்கும் பிறகு வருகிற மழை வாழ்த்தையும் எடுத்துக்கொண்டால், அவை ஒரு சபைக்கு முன்னே நின்று சொல்லப்படுபவை. சபைக்குச் சொல்லும்போது மாதம் சொல்ல வேண்டியதில்லை. மழை உலகத்துக்கே பொதுவாகிவிடும். கிழக்கில் கண்ணகி அம்மன் கோயில்களில் மழைக்காவியம் பாடுகிறார்கள். அதைக் கேட்பவள் அம்மன். அவளிடம் கேட்பதால் மனநிலை இரப்பாகிறது, பலர் சேர்ந்து பாட வேண்டியிருப்பதால் வடிவம் இசைப்பாட்டாகிறது. அங்கே யாரும் உட்கார்ந்து என்ன மனநிலை, என்ன வடிவம் என்று யோசித்திருக்க மாட்டார்கள். யாரிடம் சொல்கிறோம் என்பது தெரிந்திருந்தது, மற்ற இரண்டும் அதன் பின்னால் வந்தன. நாம் ஒற்றைச் சொல்லிலிருந்து தொடங்கும்போது தொலைப்பது இதைத்தான். சொல் கையில் இருக்கிறது, முன்னால் ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் நாம் வானத்தைப் பார்த்துப் பேசத் தொடங்குகிறோம். உடனே கருணையும் கண்ணீரும் வந்துவிடுகின்றன.

ஆளை எங்கே தேடுவது என்பதற்கும் சங்க மரபிலேயே வழி இருந்தது. சங்கப் பாட்டின் துறைக்குறிப்புகளில் ‘சிறைப்புறமாகச் சொல்லியது’ என்று ஒன்று வரும். தலைவன் வேலிக்கு வெளியே நிற்கிறான். தலைவி தோழியிடம் பேசுகிறாள், அல்லது தோழி தலைவியிடம் பேசுகிறாள். பேச்சு ஒருவருக்கு, சேரவேண்டியது இன்னொருவருக்கு, இரண்டையும் ஒட்டுக்கேட்பது வாசகர். வாயில் மறுத்தல் என்பது மருதத்துக்கே உரியது. தலைவனுக்காகத் தூது வந்தவரை உள்ளே விடாமல் நிறுத்துகிற பேச்சு அது. கவிதைக்குக் குறிவைக்கும் வாசகர் ஒருவர்தான் இருக்க வேண்டும் என்று நாம் வீணாக நெருக்கிக்கொள்கிறோம். மூன்று பேருக்குமான இருக்கைகளை நம் முன்னோர் போட்டுவைத்திருக்கிறார்கள். அப்படியானால் என் கவிதையில் பேசுபவள் ஒரு வீட்டுப் பெண். அவள் பேசுவது உள்ளே நிற்கிற மச்சாளோடு. கேட்க வேண்டியவர் வெளியே தகரக் கூரையில் நிற்பவர். நீங்களும் நானும் பக்கத்து வளவிலிருந்து கேட்கிறோம். இந்த ஏற்பாடு முடிவானதும் ஓசையும் தானாக முடிவானது. ஒருவரோடு ஒருவர் பேசுகிற ஓசை. வெண்பாவின் செப்பலைவிட அகவலுக்கு நெருங்கியது, ஆனால் சீர் எண்ணாதது. மொழி வீட்டுக்குள் பேசுகிற மொழியாகத்தான் இருக்க முடியும். இப்படி வந்தது:

ஐப்பசியில வரச்சொன்னம்.
வரேல்லை.
புழுதிக்குள்ள போட்ட விதையை
எறும்பு எண்ணிக்கொண்டு போச்சுது.
வேற ஊரில நிண்டவராம்.
இப்ப தையில,
நெல் முத்தத்தில கிடக்கிற ராவில
தகரத்தில தட்டுறார்.
மச்சாள், கதவைத் திறவாதை.
படங்கின்ர நாலு மூலையும் பிடி.
நனைஞ்சுகொண்டு நிக்கட்டும்.

மழை என்ற சொல் இதில் எங்கும் இல்லை. வெண்பாவில் அது கடைசி இடத்தில் மகுடம்போல உட்கார்ந்திருந்தது. இங்கே அதைச் சொல்ல வேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லை, தட்டுகிறவர் யார் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். கொடுத்த சொல் கவிதையில் இருக்க வேண்டும் என்று போட்டி நடுவர்கள் எதிர்பார்ப்பார்கள். அது விதையைக் கதிரில் தேடுவது. வேறொரு சந்தேகம் எனக்கு இருந்தது: தட்டுகிறார் என்று மரியாதையோடு சொன்னால் கோபம் குறைந்துவிடுமா? வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது மாறாக இருந்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் கோபம் முற்றும்போது மனைவி கணவனை ‘அவர்’ என்று தள்ளிவைத்துப் பேசுவாள். பன்மை அங்கே தூரத்தை அளக்கிறது. அடுத்த சந்தேகம், படங்கைப் பிடிக்கிற அடி கதவைத் திறவாதே என்ற அடிக்கு முன்னால் வர வேண்டுமா என்பது. வயல்வீட்டில் மழைத்துளி விழுந்ததும் கை முதலில் போவது படங்குக்குத்தான், வாய் பிறகுதான் பேசும். ஆனாலும் நான் மாற்றவில்லை. ஊடலில் கோபம் முன்னே வருகிறது, நெல்லைக் காக்கிற அவசரம் அதன் பின்னால் ஓடி வருகிறது. அந்தத் தாமதத்தில்தான் அவள் அவரை இன்னும் தன் ஆளாக நினைக்கிறாள் என்பது தெரிகிறது. படங்கைப் பிடிக்க முற்றத்துக்குப் போக வேண்டும், போவதற்குக் கதவைத் திறக்கவும் வேண்டும். தன் சொல்லைத் தானே மீறித்தான் நெல்லைக் காப்பாற்ற முடியும். இந்த முரணை நான் திட்டமிடவில்லை. வீட்டின் அமைப்பு அதைக் கொண்டுவந்தது.

கடைசி அடிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. மழையே நனைந்துகொண்டு நிற்கட்டும் என்பதில் ஊடலின் பொருளற்ற பிடிவாதம் சரியாக விழுந்திருக்கிறது என்று எண்ணினேன். ஆனால் உயிலங்குளம் வயல் மட்டுமாக இருந்த இடமல்ல. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு இரண்டு கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்கும் இடையே மக்கள் கடந்துபோகிற வழிகளில் ஒன்று அங்கே இருந்தது. கிழக்கே ஓமந்தை, இங்கே உயிலங்குளம். அந்த இடத்தில் பைகளையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் இன்றும் அந்தத் தெருவால் போய்வருகிறார்கள். வெயிலில் நின்றவர்கள் உண்டு, மழையில் நின்றவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் இந்தக் கவிதையை ஒட்டுக்கேட்டால், ‘நனைஞ்சுகொண்டு நிக்கட்டும்’ என்பது ஒரு பெண்ணின் செல்லக் கோபமாக அவர் காதில் விழாது. வழியை மறித்துக்கொண்டு நின்றவரின் சொல்லாக விழும். நான் குறிவைத்த மூன்று பேரில் அவர் இல்லை. ஆனால் அந்த ஊரின் பெயரோடு இந்தக் கவிதை போகுமானால் முதலில் வந்து கேட்பவர் அவராகத்தான் இருப்பார். கவிஞர் வாசகரைத் தேர்ந்தெடுக்கிறார் என்று சொல்கிறோம். இடமும் தனக்கான வாசகரைக் கொண்டுவருகிறது, அவரிடம் உங்களைக் குறித்து நான் எழுதவில்லை என்று சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், அந்த வலியைக் கவிதைக்குள் எடுத்துவந்து வைத்தால் இந்த வீட்டுப் பெண்ணின் தை மாத இரவு அழிந்துபோகும். நெல் நனைகிறது என்ற அவளுடைய கவலை போரின் முன்னால் சிறிதாகத் தெரியும். எங்கள் கவிதையில் நாற்பது ஆண்டுகளாக இது நடந்திருக்கிறது. பெரிய துயரம் சிறிய துயரத்துக்கு இடம் விடவில்லை. நெல்லை இழந்தவரின் கடன் அதனால் குறைந்துவிடவில்லை.

இரண்டையும் கெடுக்காமல் ஒரு சொல்லை மாற்ற முடியுமா என்று பார்த்தேன். ‘நனைஞ்சுகொண்டு’ போய், கடைசி அடி ‘தாவாரத்தில நிக்கட்டும்’ என்று ஆனது. தாழ்வாரம் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அங்கே நிற்பவர் நனைய மாட்டார், வீட்டுக்குள்ளும் வந்துவிட மாட்டார். கணவன் மீது ஊடியிருக்கிற பெண் அவனை நிறுத்துகிற இடம் அதுதான். வரிசையில் நின்றவருக்கு ஒருவரும் காட்டாத இடமும் அதுதான்; ஆகவே அவர் கேட்டாலும் அந்தச் சொல் அவரைக் குத்தாது. தகரத்தில் பெய்த மழை கடைசியில் வழிந்து விழுவதும் தாவாரத்தில்தான், அதனால் சொல்வது வெறும் உருவகமாகவும் போகவில்லை, கண்ணால் காணக்கூடிய காரியமாக இருக்கிறது. இந்தத் திருத்தத்தை என் ரசனை கொண்டுவரவில்லை. நான் அழைக்காத ஒரு வாசகர் கொண்டுவந்தார். ஊடலின் கூர்மை கொஞ்சம் மழுங்கியிருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். நனைகிற மழை என்ற முரண் போய்விட்டது. அது நல்ல அடி. ஆனால் அந்த அடி இருக்கவேண்டிய ஊர் வேறு.

இவ்வளவையும் யோசித்த பிறகு எனக்கு ஒரு முடிவு உறுதியாகியிருக்கிறது. மனநிலை, வடிவம், வாசகர் என்று வரிசைப்படுத்திச் சொல்லிக்கொடுக்கும்போது வாசகரைக் கடைசியில் வைக்கிறோம், எழுதி முடித்த பிறகு அனுப்பவேண்டிய விலாசம்போல. அவரை முதலில் வைக்க வேண்டும். யாருடைய காதில் விழப்போகிறது என்பது தெரியாதவரை மழைக்கு மாதம் கிடையாது. மாதம் இல்லாத மழைக்கு மனநிலை கிடையாது, நாம் பழைய பெட்டிகளிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டத்தான் முடியும். ஆகவே பிள்ளைகளுக்குக் கவிதைப் போட்டி வைக்கிற ஆசிரியர்களிடம், குறிப்பாக மன்னாரின் பெருநிலப் பக்கத்துப் பள்ளிகளில் இருப்பவர்களிடம், ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். கரும்பலகையில் மழை என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். பக்கத்தில் ஒரு மாதத்தின் பெயரை எழுதுங்கள். யாரிடம் சொல்லப்போகிறாய் என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேளுங்கள். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேரின் வீட்டில் அந்த நேரத்தில் நெல் வயலில் நிற்கும், அல்லது முற்றத்தில் கிடக்கும். அவர்களுக்குப் பதில் தெரியும்.